‘ஆரம்பிச்சாச்சு’ என்ற பொய்க்கணக்கு

வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ஒரு வரி தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது: ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகிறவரும் அதையே தன் பலமாகச் சொல்லிக்கொள்கிறார். மேசையில் எட்டுக் கோப்புகளை விரித்து வைத்திருப்பவருக்கு உழைப்பாளி என்று பெயர். ஒன்றை மட்டும் விரித்து வைத்திருப்பவரைப் பார்த்தால், ‘இவருக்கு வேலை குறைவுபோல’ என்று இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். “எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சாச்சு சார்” என்பது, கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நிம்மதி தருகிற பதிலாக இருக்கிறது.

இந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை எளிமையானது. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும். கை சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம். ‘உங்கள் வேலையை இன்னும் தொடவில்லை’ என்று ஒருவரிடம் சொல்வது அவரை அவமதிப்பது. கேட்பதற்கு நியாயமாகத் தெரியும் இந்த மூன்றும் கணக்கில் நிற்பதில்லை. நிற்காது என்பதைத் தன் வீட்டுச் சுவரிலேயே பார்த்துக்கொள்ள வழி செய்வதுதான் தனிநபர் கான்பன் பலகை.

பலகையைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஜிம் பென்சனும் டோனியான் டிமரியா பேரியும் 2011இல் எழுதிய நூலின் வழியாக அது தொழிற்சாலைக்கு வெளியே, தனிமனிதர்களிடம் பரவியது. சுவரில் சில கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் நகரும் அட்டைகள், அவ்வளவுதான் அமைப்பு. விதிகள் இரண்டு: எல்லா வேலையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு ஓர் எண் வரம்பு வேண்டும். பெரும்பாலானோர் முதல் விதியை ஆசையோடு ஏற்றுக்கொண்டு இரண்டாவதை ஓசையில்லாமல் விட்டுவிடுகிறார்கள். வண்ண வண்ண ஸ்டிக்கி நோட்டுகளை ஒட்டி, ‘செய்துகொண்டிருப்பவை’ என்ற தலைப்பின் கீழ் பதினான்கு அட்டைகளை வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்கிறார்கள். அவர்கள் வைத்திருந்தது அழகான பட்டியல். டொயோட்டா ஆலையில் தாய்ச்சி ஓனோ அட்டை முறையைக் கொண்டுவந்ததே உற்பத்தியை நிறுத்திவைக்கத்தான்: அடுத்த பிரிவிலிருந்து அட்டை வராதவரை முந்தைய பிரிவு ஒரு பாகத்தைக்கூடக் கூடுதலாகச் செய்யக் கூடாது. வரம்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காகிதம்.

ஆகவே விவாதம் பலகையைப் பற்றியதல்ல, வரம்பைப் பற்றியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மூன்று பேர் ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 5 நாள் உழைப்பு தேவை. யார் மனமும் கோணக் கூடாது என்று ஒருவர் இன்று முதல் வேலை, நாளை இரண்டாவது, மறுநாள் மூன்றாவது என்று சுழற்றிச் செய்கிறார். முதல் வேலை 13ஆம் நாள் முடியும். இரண்டாவது 14ஆம் நாள், மூன்றாவது 15ஆம் நாள். அதே ஆள் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்திருந்தால் 5, 10, 15 ஆகிய நாள்களில் முடித்திருப்பார். முதலாமவருக்கு எட்டு நாள் முன்னதாகக் கிடைத்திருக்கும், இரண்டாமவருக்கு நான்கு நாள் முன்னதாக. கடைசி ஆளுக்கு? அதே 15ஆம் நாள்தான். அவர் வேலையைப் பத்தாம் நாள்வரை தொடாமலே வைத்திருந்ததால் அவருக்கு ஒரு மணி நேரம்கூட நட்டமில்லை. மூன்றாம் நாளே அதைத் தொடங்கியதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், தொடங்கிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வீணாகும் நேரம் சேர்க்கப்படவே இல்லை. மனித மூளை எந்தச் சிரமமும் இல்லாமல் தாவும் என்று வைத்துக்கொண்டாலும் சுழற்றுபவர் தோற்கிறார். தாவலுக்கு விலை உண்டு என்பதை நிறுவன உளவியல் ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் காட்டினார். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகிறவரின் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய வேலையின் தரம் குறைகிறது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் ஒரு பழைய வாதம் எழும்: அப்படியானால் அவதானிகள் எப்படிச் செய்தார்கள்? 1907இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் நூறு விஷயங்களில் கவனம் வைத்துச் சதாவதானம் செய்து காட்டவில்லையா?

செய்து காட்டினார். ஆனால் அந்தக் கலையின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். எட்டா, பதினாறா, நூறா என்பது அவை கூடும் முன்பே முடிவாகிவிடுகிறது. அஷ்டாவதானத்தின் நடுவில் ஒருவர் எழுந்து ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. எடுத்த அத்தனையும் அந்த அவையிலேயே முடிக்கப்படுகின்றன. ‘மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எந்த அவதானியும் எழுந்து போனதில்லை. பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, எண்ணிக்கையை முன்பே கட்டி, ஒரே அமர்வில் முடிக்கும் வித்தை அது. அதை எடுத்துக்காட்டி, வரம்பே இல்லாமல் வேலை வாங்கிப்போடுவதை நியாயப்படுத்துவது விந்தை.

கணக்கெல்லாம் காகிதத்தில் சரி, நடைமுறை வேறு என்பது அடுத்த எதிர்ப்பு. நடைமுறையைப் பார்க்க இத்தாலியின் மிலான் நகரத்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். டெச்சியோ கோவியெல்லோ, ஆந்திரியா இச்சினோ, நிக்கோலா பெர்சிகோ என்ற மூன்று பொருளியலாளர்கள் அங்குள்ள நீதிபதிகளின் வழக்குப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆய்வுக்கு அது வாகான இடம். வழக்குகள் குலுக்கல் முறையில் நீதிபதிகளுக்குப் பிரித்துத் தரப்படுவதால், ‘அவருக்குக் கடினமான வழக்குகள், இவருக்குச் சுலபமானவை’ என்ற சாக்குக்கு இடமில்லை. கிட்டத்தட்ட ஒரே அளவு சுமை. ஆனாலும் சிலர் வழக்குகளை விரைவாக முடித்தார்கள், சிலரிடம் அவை நீண்டுகொண்டே போயின.

வேறுபாட்டின் ஒரு முக்கியப் பகுதி, ஒருவர் ஒரே சமயத்தில் எத்தனை வழக்குகளைத் திறந்து வைத்திருந்தார் என்பதில் இருந்தது. வந்த வழக்கையெல்லாம் உடனே விசாரணைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நாள் கேட்டுவிட்டு அடுத்த தேதி போட்டவர்களிடம் வழக்குகள் நீண்டன. திறந்ததை முடித்துவிட்டுப் புதிதைத் திறந்தவர்களிடம் சீக்கிரம் முடிந்தன. அவசரத்தில் தரம் கெட்டதா என்று பார்க்க, மேல்முறையீட்டுக்குப் போன தீர்ப்புகளையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வேகத்துக்குத் தரம் விலையாகிவிட்டதாகத் தெரியவில்லை. வாய்தா என்ற சொல்லை அறிந்த எந்த ஊர்க்காரருக்கும் இது எளிதாகப் புரியும். ஒரு வழக்கில் இன்று நடந்ததை ஆறு மாதம் கழித்து வரும் அடுத்த விசாரணையன்று நீதிபதியும் வழக்கறிஞரும் மறுபடி படித்தாக வேண்டும்.

அதே மூவர் 2014இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, புத்திசாலிகள்கூட ஏன் இந்தப் பொறியில் விழுகிறார்கள் என்பதை விளக்குகிறது. வேலை கொடுப்பவர் ஒவ்வொருவரும் ‘என்னுடையதைத் தொடங்குங்கள்’ என்று நெருக்குகிறார். தனித்தனியாகப் பார்த்தால் அது நியாயமான கோரிக்கைதான். எல்லாக் கோரிக்கைக்கும் இணங்கினால் எல்லோருக்கும் தாமதமாகிறது. சோம்பலால் வருவதல்ல இது. கேட்டவரைத் திருப்தி செய்யும் நல்லெண்ணத்தால் வருவது. அதனால்தான் சுயகட்டுப்பாட்டை நம்பாமல், ஓர் எண்ணைச் சுவரில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய வாரங்களில் ஒரு பக்க வடிவமைப்பாளரின் மேசையை எடுத்துக்கொள்வோம். ஜனவரிக் காட்சிக்கு நூல் வர வேண்டும் என்று நவம்பரில் பதிப்பகங்கள் அனுப்பத் தொடங்குகின்றன. ஒரு வடிவமைப்பாளரிடம் ஒன்பது நூல்கள் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் அவருடைய உழைப்பு நான்கு நாள்: பக்கம் கட்ட 2 நாள், முதல் மெய்ப்புத் திருத்தங்களைப் போட 1 நாள், இறுதித் திருத்தமும் அச்சுக்கோப்பும் 1 நாள். இடையில் மெய்ப்பு நூலாசிரியரிடம் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 36 வேலை நாள்கள்.

வழக்கமான முறையில் அவர் ஒன்பது நூலுக்கும் முதலில் பக்கம் கட்டுவார். ஒன்பது பதிப்பகத்துக்கும் ‘ஆரம்பிச்சாச்சு’ என்று சொல்ல வேண்டுமே. அதற்கு 18 நாள். முதல் நூலின் மெய்ப்பு ஏழாம் நாளே திரும்பி வந்திருந்தாலும் அது மேசையில் கிடக்கும். பிறகு ஒன்பதுக்கும் முதல் திருத்தம், 27ஆம் நாள்வரை. அதன்பின் இறுதி வேலை. முதல் நூல் அச்சகத்துக்குப் போவது 28ஆம் நாள், கடைசி நூல் 36ஆம் நாள். ஒன்பது நூலும் ஒன்பதே நாளில் அச்சகத்தின் தலையில் விழுகின்றன, அதுவும் எல்லா வடிவமைப்பாளர்களும் அதையே செய்யும் டிசம்பர் கடைசியில்.

இதற்குள் இன்னொரு வேலையும் நடந்திருக்கும். பக்கம் கட்டிய நூல் மூன்று வாரம் சும்மா கிடந்தால் நூலாசிரியரின் கையும் சும்மா இருக்காது. ‘முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன், நான்காம் கட்டுரையை இரண்டாவதாக வையுங்கள்’ என்று எழுதுவார். கட்டிய பக்கத்தில் ஒரு பத்தி நுழைந்தால் அதற்குப் பின்னால் வரும் பக்கங்கள் நகரும், பொருளடக்கத்தின் எண்கள் மாறும், படங்கள் இடம்பெயரும். இரண்டு நாள் வேலை மூன்று நாளாகிவிடும். அதே மாற்றம் பக்கம் கட்டத் தொடங்கும் முன் வந்திருந்தால் ஒரு கோப்பை மாற்றிவைப்பதோடு முடிந்திருக்கும். ‘வெளியே காத்திருந்தாலும் உள்ளே காத்திருந்தாலும் காத்திருப்பு ஒன்றுதானே’ என்பவர்கள் காணத் தவறுவது இதை. தொடங்காத வேலைக்குப் பராமரிப்புச் செலவு கிடையாது. தொடங்கிப் போட்ட வேலை விசாரிப்பு அழைப்புகளையும் மறுவாசிப்பையும் திரும்பச் செய்வதையும் அன்றாடம் கேட்டுக்கொண்டே இருக்கும். வரம்பு வைத்தவர் அதிக வேலைகளை முடிப்பது இந்தச் செலவு மிச்சமாவதால்தான். நாளில் கூடுதல் மணி நேரம் எதையும் பலகை உண்டாக்கித் தருவதில்லை.

இப்போது அதே ஒன்பது நூல்களைப் பலகையில் வைப்போம். நான்கு கட்டங்கள்: வரிசையில், கையில், காத்திருப்பில், முடிந்தவை. ‘கையில்’ இரண்டுக்கு மேல் கூடாது. ‘காத்திருப்பில்’ மூன்றுக்கு மேல் கூடாது. மூன்றாவதாக ஒரு பழக்கம்: காலையில் பலகையை வலப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முடிவுக்கு அருகில் இருக்கும் அட்டைக்கு முதல் உரிமை. திரும்பிவந்த மெய்ப்பு இருக்கும்போது புதிய நூலைத் திறக்கக் கூடாது. நூலாசிரியர் முதல் மெய்ப்பை நான்கு நாளிலும் இரண்டாவதை இரண்டு நாளிலும் திருப்பினால், முதல் நூல் பத்தாம் நாள் அச்சகத்துக்குப் போய்விடும். கடைசி நூல் மட்டும் இந்த முறையில் சில நாள் பிந்தி, ஏறக்குறைய 40ஆம் நாள் போகும். நடுவில் இருக்கும் ஏழு நூல்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டாக, அச்சகம் மூச்சுவிடும் இடைவெளியில் போய்ச் சேரும்.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இதைத்தான் பொதுவாகச் சொல்கிறது. வேலைகள் சீராக வந்து சீராக முடியும் ஓர் அமைப்பில், ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரிக் காலம் என்பது உள்ளே இருக்கும் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. நான்கு நாளுக்கு ஒன்று முடியும் மேசையில் ஒன்பது இருந்தால் ஒவ்வொன்றும் 36 நாள் கிடக்கும். ஐந்து இருந்தால் 20 நாள். வேகத்தைக் கூட்டுவது கடினம். எண்ணிக்கையைக் குறைப்பது இன்றே முடியும்.

பலகை தோற்கும் இடம் எது என்று கேட்டால், பெரும்பாலும் காத்திருப்புக் கட்டம்தான். கையில் இருப்பதற்கு மட்டும் வரம்பு வைத்துவிட்டு இதைத் திறந்துவிட்டால், பிடிக்காத அட்டையெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். ‘அவர்கிட்ட இருந்து இன்னும் வரல’ என்ற ஒரு வாக்கியம் போதும், பொறுப்பு கைமாறிவிடும். அதற்கும் வரம்பு வைத்தால் நிலைமை மாறுகிறது. மூன்று மெய்ப்புகள் மூன்று நூலாசிரியர்களிடம் கிடக்கின்றன, நான்காவதை அனுப்ப இடமில்லை. வடிவமைப்பாளர் தொலைபேசியை எடுக்கிறார்: “ஐயா, வெள்ளிக்கிழமைக்குள்ள மெய்ப்பு வரலைன்னா அடுத்த புத்தகத்தை எடுத்துடுவேன், உங்களோடது வரிசையில பின்னாடி போயிடும்.” வேலையை நகர்த்துவது அந்த அழைப்புதான். வரம்பு இல்லாதவர் அந்த நேரத்தில் பத்தாவது நூலைத் திறந்திருப்பார்.

‘அதுவரை கை சும்மா இருக்குமே’ என்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைப் பெரிய நட்டமாகப் பார்க்கிறார்கள். மூன்று வாரம் மேசையில் கிடக்கும் மெய்ப்பை யாரும் நட்டக் கணக்கில் எழுதுவதில்லை. ஆள் சும்மா இருப்பது கண்ணில் படுகிறது. வேலை சும்மா கிடப்பது படுவதில்லை. அதைப் பார்ப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. அட்டை ‘கையில்’ கட்டத்துக்கு வந்த தேதியை அதன் மூலையில் எழுதிவிட்டு, முடியாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். நான்கு நாள் உழைப்புள்ள அட்டையில் பதினெட்டுப் புள்ளிகள் இருந்தால், பதினான்கு நாள் அது சும்மா கிடந்திருக்கிறது என்று அர்த்தம். வரம்பு சரியா என்பதையும் இந்தப் புள்ளிகளே சொல்லும். யாருக்காகவும் காத்திருக்காமலே புள்ளிகள் ஏறினால் வரம்பு அதிகம், ஒன்றைக் குறைக்கலாம். பிறருக்காகக் காத்து நாள்தோறும் கை ஓய்ந்தால் வரம்பு குறைவு, ஒன்றைக் கூட்டலாம். முதல் நாளே சரியான எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்ப்பு இது: சொந்தத் தொழில் செய்பவர் வரம்பு வைக்கலாம், மேலதிகாரி வேலையைக் கொண்டுவந்து கொட்டும்போது ஊழியர் என்ன செய்வார்?

மைக்ரோசாஃப்டின் உள் மென்பொருள்களைப் பராமரித்த ஒரு சிறு குழு 2004இல் இதே நிலையில் இருந்தது. குழு ஹைதராபாத்தில் வேலை செய்தது. கேட்பவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். ஒரு மாற்றத்தைக் கேட்டால் கைக்கு வந்து சேர ஏறத்தாழ ஐந்து மாதம் ஆனது, அதற்குத் தேவையான உழைப்போ சில நாள்கள்தான். மேலாளர் டிராகோஸ் டுமித்ரியூவும் அவருக்கு ஆலோசனை சொன்ன டேவிட் ஆண்டர்சனும் முதலில் நேரம் போகும் வழியைத் தேடினார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ‘எவ்வளவு நாள் ஆகும்’ என்று உடனே மதிப்பீடு கேட்கப்பட்டது. செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு மதிப்பிட்டார்கள். குழுவின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதிலேயே போயிற்று. மதிப்பிட்டவற்றில் பல செய்யப்படவே இல்லை.

அவர்கள் மதிப்பீட்டை நிறுத்தினார்கள், கையில் இருக்கும் வேலைகளுக்கு வரம்பு வைத்தார்கள். ஓர் இடம் காலியானால் அதில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையை, கேட்கும் பிரிவுகளின் மேலாளர்களிடமே விட்டார்கள். எதற்கு முன்னுரிமை என்பது அவர்கள் கையில். எத்தனை என்பதை மட்டும் குழு வைத்துக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் ஐந்து மாதம் இரண்டு மூன்று வாரமாகச் சுருங்கியது. முடித்த வேலைகளின் எண்ணிக்கையும் பெருகியது. பின்னால் ஆள் பங்கீட்டை மாற்றினார்கள், சிலரைச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் முன்னேற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. யாரையும் வேகமாக நிரல் எழுதச் சொல்லவில்லை.

ஓர் ஊழியர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அந்த உரிமைப் பிரிவினை. மேலதிகாரி புதிய வேலையோடு வரும்போது ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியதில்லை. பலகையைக் காட்டி, “சார், இப்ப இந்த ரெண்டும் கையில இருக்கு. இது வரணும்னா எதை எடுத்து வைக்கட்டும்?” என்று கேட்கலாம். முடிவு அவருடையது. எடுத்துவைத்த அட்டையில் எத்தனை புள்ளிகள் ஏறின என்பதும் அவருக்குத் தெரியும்படி சுவரிலேயே இருக்கும். நிஜமான அவசரத்துக்கென்று ஒரே ஓர் அட்டைக்கு மட்டும் தனி இடம் ஒதுக்கிவைக்கலாம். அந்த இடம் எந்நாளும் நிறைந்தே இருந்தால், அங்கே அவசரம் என்ற சொல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

“ரெண்டையும்தான் செய்யணும்” என்று சொல்லும் அதிகாரிகளும் உண்டு. அவர்களிடம் பலகைக்கு அதிகாரம் இல்லை. வாரத்துக்கு மூன்று முடியும் இடத்தில் வாரத்துக்கு ஐந்து வந்தால் வரிசை நீளத்தான் செய்யும். எந்த வரம்பும் அதைக் குணப்படுத்தாது. அந்த நிலைமை டிசம்பரில் வெடிப்பதற்குப் பதிலாக நவம்பரிலேயே தெரியவரும், அவ்வளவுதான். அதேபோல், வருகிறவருக்கு உடனே பதில் சொல்வதே வேலையாக உள்ள வரவேற்பு மேசைக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் இந்த முறை பொருந்தாது. சில நாள் உழைப்பில் முடிவுள்ள வேலைகளுக்கானது இது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்வது’ என்று எழுதிய அட்டை எந்தக் காலத்திலும் கடைசிக் கட்டத்துக்குப் போகாது. ‘ரத்தப் பரிசோதனை முடித்து அறிக்கை வாங்குவது’ போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பல வேலைகளைத் திறந்துவைப்பதே தன்னுடைய திறமை என்று ஒருவர் வாதாடினால், அவரை நம்பவைக்கப் புதிய வாதம் எதுவும் தேவையில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்கு, எடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி என்று இரண்டை மட்டும் குறித்துவைக்கட்டும். முதல் மாதம் வழக்கம்போல், இரண்டாம் மாதம் இரண்டுக்கு மேல் எடுக்காமல். பிறகு முடிந்தவற்றை எண்ணி, ஒவ்வொன்றும் எத்தனை நாள் கிடந்தது என்று கழித்துப் பார்த்துவிட்டு வாதத்துக்கு வரட்டும்.